ரிசப்ஷனுக்கு ஆள் தேவை

"ஃப்ரண்ட் ஆபீஸ் அசிஸ்டென்ட் தேவை. ஆண்/பெண். தமிழ், ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும். இந்தி தெரிந்தால் முன்னுரிமை. ரொட்டேஷன் ஷிப்ட். யூனிஃபார்ம், சாப்பாடு உண்டு. சம்பளம் நேரில்."

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி பக்கம் இருக்கும் நடுத்தர ஹோட்டல்களுக்கு ஆள் எடுக்கும் வாட்ஸ்அப் செய்திகள் ஏறத்தாழ இந்த அச்சில்தான் வரும். கேட்டரிங் காலேஜ் குழுக்களில் ஒருவர் போட, இன்னொருவர் அதை ஊர்க் குழுவுக்குத் தள்ளிவிட, மாலைக்குள் திருமங்கலம் வரை போய்விடும். படிப்பவர் கண் நேராகச் சம்பளத்துக்குப் போகும். அது அங்கே இருக்காது. அதனால் மீதி மூன்று விஷயங்களையும் யாரும் நின்று படிப்பதில்லை. ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது என்பது மொழி, ஷிப்ட், யூனிஃபார்ம் என்ற அந்த மூன்றிலும்தான் இருக்கிறது. அதிலும் நடுவில் இருக்கும் ஷிப்ட் என்ற ஒற்றைச் சொல்லில் முக்கால் பங்கு இருக்கிறது.

முதலில் மொழி. "ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும்" என்று எழுதியிருந்தாலும், இந்த அளவு ஹோட்டலில் ஆங்கிலம் பேசுவதைவிடப் படிப்பதற்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. அறை பதிவு இணையதளங்களிலிருந்து வரும் வவுச்சர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். விருந்தாளி ஏற்கெனவே முழுப் பணமும் கட்டிவிட்டாரா, ஹோட்டலில் வந்து கட்டுகிறாரா என்பது அதில் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். 'இபி' என்றால் அறை மட்டும், 'சிபி' என்றால் காலைச் சாப்பாடு சேர்த்து, 'எம்ஏபி' என்றால் காலைச் சாப்பாட்டோடு இன்னொரு வேளையும் சேர்த்து. இதைச் சரியாகப் படிக்காமல், பணம் கட்டி முடித்த குடும்பத்திடம் மறுபடி பணம் கேட்டால் காலை ஆறு மணிக்கே சண்டை தொடங்கும். நுனி நாக்கில் ஆங்கிலம் பேசுபவர் கோட்டைவிட்டு, தயங்கித் தயங்கிப் பேசுபவர் வவுச்சரை வரி வரியாகப் படித்துப் பிழைத்துக்கொள்வது இந்த வேலையில் சாதாரணம்.

எழுதவும் வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் நடந்ததை லாக் புக்கில் எழுதி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். "204 ஏசி சரியில்லை, மெக்கானிக் 4 மணிக்கு வருவார், விருந்தாளிக்குச் சொல்லியாச்சு" என்கிற அளவில் இருந்தால் போதும். இலக்கணப் பிழை யார் கண்ணிலும் படாது. "விருந்தாளிக்குச் சொல்லியாச்சு" என்ற பகுதி விட்டுப்போனால்தான் அடுத்த ஷிப்ட்காரர் மாட்டிக்கொள்வார்.

இந்திக்கு வருவோம். மதுரைக்கு வடக்கேயிருந்து வருபவர்களில் பெரும்பகுதி மீனாட்சியம்மனைத் தரிசித்துவிட்டு ராமேஸ்வரம் போகிறவர்கள், அல்லது அங்கிருந்து திரும்புகிறவர்கள். அவர்கள் கவுன்டரில் கேட்பது ஒரு சின்ன வட்டத்துக்குள் அடங்கும். வெந்நீர் எத்தனை மணி வரை, கோயில் நடை எப்போது திறக்கும், செல்போனை எங்கே வைப்பது, ராமேஸ்வரத்துக்கு வண்டி கிடைக்குமா, ஒரு மெத்தை கூடுதலாகப் போட்டால் எவ்வளவு. இவற்றைச் சமாளிக்க இலக்கணம் தெரிந்த இந்தி வேண்டாம். நாற்பது ஐம்பது வாக்கியம் போதும், மூன்று மாதத்தில் வாயில் படிந்துவிடும்.

சிக்கல் எண்களில் இருக்கிறது. தமிழில் ஐம்பத்தொன்பது என்றால் ஐம்பதும் ஒன்பதும் தெரிந்தவருக்கு விளங்கிவிடும். இந்தியில் ஒன்று முதல் நூறு வரை கிட்டத்தட்ட ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். அதற்கு மேல் அரைக் கணக்கு வேறு. 'டேட் ஹஜார்' என்றால் ஆயிரத்து ஐந்நூறு, 'டாய் ஹஜார்' என்றால் இரண்டாயிரத்து ஐந்நூறு, 'சாடே தீன் ஹஜார்' என்றால் மூவாயிரத்து ஐந்நூறு. அரைகுறை இந்திக்காரர் காதில் கடைசியாகச் சொன்னதில் 'தீன் ஹஜார்' மட்டும் விழும். அவர் மூவாயிரத்துக்குத் தலையாட்டுவார், விருந்தாளி சொன்னது வேறாக இருக்கும். அனுபவசாலிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: எந்தத் தொகையானாலும் வாயால் முடிக்காமல் கால்குலேட்டரில் அடித்துத் திருப்பிக் காட்டிவிடுவது. நேர்முகத்தில் "இந்தி தெரியுமா?" என்று கேட்டால் "பேசுவேன் சார், தொகையைக் காட்டித்தான் உறுதி செய்வேன்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் கவுன்டரில் நின்று வளர்ந்தவராக இருந்தால் அந்த ஒரு பதிலிலேயே உங்களை எடைபோட்டுவிடுவார்.

கார்த்திகை பிறந்துவிட்டால் ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து சபரிமலை செல்லும் கூட்டம் மதுரை வழியாக வரும். அந்த இரண்டு மாதத்துக்குத் தெலுங்கு தெரிந்த ஒருவர் கவுன்டரில் இருப்பது பெரிய உதவி. ஆனாலும் அறிவிப்புகளில் தெலுங்கைப் பார்ப்பது அரிது. சௌராஷ்டிரமோ தெலுங்கோ வீட்டில் பேசும் மதுரைப் பிள்ளைகள் அதை ஒரு தகுதியாகவே நினைத்துச் சொல்வதில்லை. தெலுங்கு வீட்டுமொழி என்றால் அதைத் தயங்காமல் சொல்லலாம், சம்பளப் பேச்சில் அதற்கு எடை உண்டு.

இனி ஷிப்ட். ஹோட்டல் ரிசப்ஷன் ஒரு நிமிடமும் காலியாக இருக்கக் கூடாது. வாரத்துக்கு ஏழு நாள், நாளைக்கு 24 மணி நேரம் என்றால் 168 மணி. ஒரு தொழிலாளியின் வார வேலை நேரத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் பொது வரம்பு 48 மணி. 168ஐ 48ஆல் வகுத்தால் மூன்றரை. அதாவது கவுன்டரில் எப்போதும் ஒரே ஒருவர் நின்றால் போதும் என்ற மிகச் சிக்கனமான ஹோட்டலுக்கும் மூன்றரை ஆள் வேண்டும். அரை ஆள் கிடைக்காது என்பதால் நான்கு பேர்.

பல இடங்களில் மூன்று பேர்தான் இருப்பார்கள். அங்கே கணக்கு எப்படிச் சரியாகிறது? ஆளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு ஏழு நாளும். மொத்தம் 56 மணி, வார விடுமுறை கிடையாது. அதில் ஒருவர் அக்கா கல்யாணத்துக்கு நான்கு நாள் போய்விட்டால் மற்ற இருவரும் பன்னிரண்டு பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். 48 மணிக்கு மேற்பட்ட நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் என்று சட்டம் சொல்கிறது. மூன்று பேரை வைத்து ஓட்டும் இடத்தில் அது எத்தனை தடவை கையில் வந்திருக்கிறது என்பதை அங்கே வேலை பார்த்தவரிடம்தான் கேட்க வேண்டும். ஆக, "ரொட்டேஷன் ஷிப்ட்" என்று செய்தியில் கண்டால் திருப்பிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் அல்ல. "ரிசப்ஷனில் மொத்தம் எத்தனை பேர் சார்?" என்பதுதான். நான்கு என்றால் தொடர்ந்து பேசலாம். மூன்று என்றால், நீங்கள் நான்காவது ஆளா, விட்டுப்போன மூன்றாவது ஆளின் இடத்துக்கு வருகிறவரா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு பேர் உள்ள ஒரு நல்ல ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். காலை 6 முதல் 2 வரை, மதியம் 2 முதல் இரவு 10 வரை, இரவு 10 முதல் காலை 6 வரை என மூன்று ஷிப்ட். மூன்று பேர் ஆளுக்கொரு ஷிப்டில் ஆறு நாள் இருப்பார்கள். நான்காமவர் ரிலீவர். ஒருநாள் காலைக்காரரின் ஆஃபுக்கு, இன்னொரு நாள் மதியக்காரரின் ஆஃபுக்கு, மூன்றாம் நாள் இரவுக்காரரின் ஆஃபுக்கு அவர் நிற்பார். மீதி மூன்று நாள் கூட்டம் அதிகமான நேரத்தில் இரண்டாவது ஆளாக இருப்பார். ஒரே வாரத்தில் மூன்று விதமான தூக்கம் அவருக்குத்தான். புதிதாகச் சேர்கிறவரை ரிலீவராகப் போடுவது வழக்கம், ஏனென்றால் எல்லா ஷிப்டையும் பழகிக்கொள்வார். நியாயம்தான். ஆனால் ஒரு வருடம் கழித்தும் அவரே ரிலீவராக இருந்தால் அது பயிற்சி இல்லை.

ஷிப்ட் எந்தத் திசையில் சுழல்கிறது என்பது அடுத்து. காலையிலிருந்து மதியம், மதியத்திலிருந்து இரவு, இரவிலிருந்து மீண்டும் காலை என்று முன்னோக்கிச் சுழல்வதுதான் உடம்புக்கு ஒத்துவருவது. தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னுக்கு இழுப்பது கடினம். வழக்கமான நேரத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகப் படுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

முன்னோக்கிய சுழற்சியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஞாயிறு ஆஃப் என்று வைத்துக்கொள்வோம். காலை ஷிப்ட்காரர் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு வீட்டுக்குப் போகிறார். திங்கள் மதியம் 2 மணிக்கு வந்தால் போதும். இடையில் முழுதாக 48 மணி நேரம். மதியக்காரருக்கும் அப்படியே, சனி இரவு 10 மணியிலிருந்து திங்கள் இரவு 10 மணி வரை 48 மணி. இரவுக்காரரைப் பாருங்கள். சனி இரவு வேலைக்கு வந்தவர் ஞாயிறு காலை 6 மணிக்கு இறங்குகிறார். அவருக்கும் ஞாயிறுதான் ஆஃப். திங்கள் காலை 6 மணிக்குக் காலை ஷிப்டில் நிற்க வேண்டும். கிடைத்தது 24 மணி, அதில் ஞாயிறு பகலெல்லாம் தூக்கம். காகிதத்தில் மூவருக்கும் ஒரு நாள் விடுமுறைதான், ஆனால் ஒருவருக்கு மற்றவர்களுக்குக் கிடைத்ததில் பாதி. நல்ல மேனேஜர் இரவு வாரம் முடிந்தவருக்கு இன்னொரு நாள் சேர்த்துக் கொடுப்பார், அந்த ஒரு நாளை ரிலீவர் பார்த்துக்கொள்வார். நேர்முகத்தில் "நைட் முடிச்சா எப்ப சார் திரும்ப வரணும்?" என்று சாதாரணமாகக் கேட்டுவிடலாம். உடனே பதில் வந்தால் அங்கே ரோஸ்டர் என்று ஒன்று இருக்கிறது என்று பொருள். "அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் தம்பி" என்று வந்தால் இல்லை.

மதுரையில் இன்னொரு உள்ளூர்ச் சிக்கல். சென்னையிலிருந்து வரும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் போன்ற இரவு வண்டிகள் விடிகாலையில்தான் வந்து சேரும். பெட்டியோடு இறங்கும் கூட்டம் நேராகக் கவுன்டருக்கு வரும். அதே நேரத்தில் 6 மணிக்கு ஷிப்டும் மாறுகிறது. கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டிய இரவுக்காரர் வரிசையைப் பார்த்துவிட்டு எப்படிப் போவார்? அரை மணி நேரம் நிற்பார். வாரத்துக்கு ஆறு தடவை அரை மணி என்றால் மூன்று மணி நேரம், அதை எந்த ரிஜிஸ்டரும் காட்டாது. சில ஹோட்டல்கள் இதற்காகவே ஷிப்டை 7, 3, 11 என்று ஒரு மணி நேரம் தள்ளி வைத்திருக்கின்றன. அப்போது வண்டிக் கூட்டத்தை இரவுக்காரரே பார்த்து முடித்துவிட்டு நிதானமாக ஒப்படைக்க முடிகிறது. ஷிப்ட் மணியைக் கேட்டாலே அந்த இடத்தில் யோசித்து வேலை செய்கிறார்களா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

இரவு ஷிப்ட் என்றால் கவுன்டருக்குப் பின்னால் கண் அயர்வது என்று வெளியிலிருந்து தோன்றும். அன்றைய நாளை மூடுவது இரவுக்காரர் வேலை. ஒவ்வொரு அறைக்கும் அன்றைய வாடகையையும் வரியையும் பில்லில் ஏற்ற வேண்டும். ரெஸ்டாரன்டில் அறைக்கணக்கில் சாப்பிட்டதெல்லாம் சரியான அறையில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரொக்கம், கார்டு, யுபிஐ மூன்றையும் தனித்தனியாக டேலி செய்ய வேண்டும். வருவதாகச் சொல்லி வராதவர்களைக் குறிக்க வேண்டும். அதன் பிறகுதான் கம்ப்யூட்டரில் தேதி மாறும். இதற்கு நைட் ஆடிட் என்று பெயர். 24 மணி நேர செக்-அவுட் வைத்திருக்கும் லாட்ஜ்களில் தலைவலி வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு விருந்தாளிக்கும் அவர் உள்ளே வந்த நிமிடத்திலிருந்து நாள் தொடங்குகிறது. விடிகாலை 5.10க்கு வந்தவருக்கு மறுநாள் 5.10க்கு முடிகிறது. அவரை எழுப்பிக் காலி செய்கிறாரா, இன்னொரு நாள் நீட்டிக்கிறாரா என்று கேட்க வேண்டியவரும் இரவுக்காரர்தான். வெளிநாட்டவர் தங்கினால் பாஸ்போர்ட், விசா விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அரசின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். 'சி ஃபார்ம்' என்று ஹோட்டல்காரர்கள் சொல்வது இதைத்தான். பகலில் கூட்டத்தில் தள்ளிப்போன சி ஃபார்மும் பெரும்பாலும் இரவுக்காரர் தலையில்தான் விழும்.

செய்தியில் "ஆண்/பெண்" என்று இருக்கிறது. ரோஸ்டரில் அது அவ்வளவு சமமாக இருப்பதில்லை. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இரவு 7 மணிக்குப் பிறகும் காலை 6 மணிக்கு முன்பும் பெண்களை வேலைக்கு வைக்க வேண்டுமானால் அவர்களுடைய சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் வேண்டும் என்கிறது. ஹோட்டல்கள் இரவு ஷிப்டில் பெண்களைப் போடாமல் இருந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கின்றன. ஆனால் 2 மணிக்குத் தொடங்கும் மதிய ஷிப்ட் இரவு 10க்கு முடிகிறது, அந்தக் கடைசி மூன்று மணி நேரமும் இதற்குள் வருகிறது. பத்து மணிக்கு மேல் வீடு போய்ச் சேர வண்டி யார் தருவது என்பது பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். மறுபக்கம், நான்கு பேரில் இருவர் பெண்கள் என்றால் வாரத்தின் ஏழு இரவும் மீதி இரண்டு ஆண்கள் தலையில். அவர்களுக்கு ரொட்டேஷன் என்பது ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இரவு. இதில் இரண்டு தரப்புக்கும் மனக்கசப்பு உண்டு, அதற்கு மருந்து ஐந்தாவது ஆள்தான். ஐந்தாவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முதலாளிக்கு மனம் வருவதில்லை.

யூனிஃபார்முக்கு வருவோம். "யூனிஃபார்ம் உண்டு" என்ற இரண்டு சொல்லில் விட்டுப்போனது எண்ணிக்கை. இரண்டு செட் கொடுத்து, சலவைக்குப் போட்டால் இரண்டு நாளில் வருகிறது என்றால் மூன்றாம் நாள் போட ஒன்றும் இருக்காது. திங்கள் போட்டது புதன் மாலைதான் வரும், செவ்வாய் போட்டதும் சலவையில். புதன் காலை வியர்வைச் சட்டையை மறுபடி மாட்ட வேண்டும், அல்லது இரவில் வீட்டில் துவைத்து ஃபேனுக்கு அடியில் காயப்போட வேண்டும். சலவை ஹோட்டலில் என்றால் மூன்று செட் வேண்டும், வீட்டில் என்றால் இரண்டு போதும் ஆனால் செலவு உங்களுடையது. மதுரைச் சித்திரை வெயிலில் கோட்டு போடச் சொல்லும் ஹோட்டல்களும் இருக்கின்றன. லாபி ஏசி வேலை செய்தால் தப்பிக்கலாம், கதவு திறந்தே இருக்கும் லாபியில் அது தண்டனை. பெண்களுக்குச் சேலை என்றால் மடிப்பு வைத்துக் கட்ட ஆகும் நேரமும், உடை மாற்ற ஒரு தாழ்ப்பாள் உள்ள அறையும் கணக்கில் வர வேண்டும்.

ஷூ பெரும்பாலும் சொந்தச் செலவு. கறுப்பு ஷூவில் எட்டு மணி நேரம் நிற்கிறவர் முதல் மாதத்தில் பாதத்தைப் பற்றித்தான் பேசுவார். தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கேரளம் அதற்கு முன்பே, 2018இல், அதைச் செய்திருந்தது. இங்கே துணிக்கடைப் பெண்களை மனதில் வைத்துத்தான் எல்லோரும் அதைப் பேசினார்கள். ஹோட்டல் ரிசப்ஷனில் நிற்பவரை அந்தப் பேச்சில் யாரும் நினைக்கவில்லை. விருந்தாளி வரும்போது எழுந்து நிற்பது மரியாதை. யாருமே இல்லாத இரவு இரண்டு மணிக்கும் நிற்க வேண்டும் என்பதில் யாருக்கு என்ன மரியாதை?

யூனிஃபார்மை வைத்து ஒரு மோசடியும் ஓடுகிறது. செய்தி இதே மாதிரி இருக்கும், பெரிய ஹோட்டல் பெயரும் இருக்கும். போன் செய்தால் உடனே வேலை உறுதி, யூனிஃபார்முக்கும் அடையாள அட்டைக்கும் மட்டும் யுபிஐயில் பணம் அனுப்புங்கள், முதல் சம்பளத்தோடு திருப்பித் தருகிறோம் என்பார்கள். நிஜ ஹோட்டல்கள் சிலவும் யூனிஃபார்முக்குப் பிடித்தம் செய்வதுண்டு, ஆனால் அது வேலைக்குச் சேர்ந்த பிறகு சம்பளத்தில். முகம் பார்க்காமலே பணம் கேட்கும் இடத்தில் ஹோட்டலே இருக்காது. நிஜ ஹோட்டலில் முதல் சில வாரம் வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட் போட்டு வரச் சொல்வார்கள். ஆள் நிலைத்த பிறகுதான் அளவெடுக்கத் தையல்காரரிடம் அனுப்புவார்கள். அதற்குள் ஓடிவிடுகிறவர்கள் அதிகம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் மதியம் ஒன்றரைக்குப் போய் லாபியில் உட்காருங்கள். ஷிப்ட் மாறும் நேரம் அது. காலைக்காரரும் மதியக்காரரும் கல்லாவை ஒன்றாக எண்ணுகிறார்களா, அல்லது ஒருவர் சொன்ன தொகையை இன்னொருவர் அப்படியே எழுதிக்கொள்கிறாரா என்று பாருங்கள். எண்ணாமல் வாங்கிய கல்லாவில் குறைந்த பணம் வாங்கியவர் சம்பளத்தில்தான் பிடிபடும். லாக் புக் திறக்கப்படுகிறதா, இரண்டு மணிக்கு இறங்க வேண்டியவர் இரண்டேகாலுக்காவது இறங்கினாரா, கவுன்டருக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். உங்களைக் கூப்பிட எப்படியும் இரண்டரை ஆகிவிடும்.